பூவிழி, கவின்: ஜெர்மனி போகும் முன் பெயரைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

மழைக்கால_அப்பா (கேள்வி):
இன்னும் சில வாரங்களில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அதற்கு ஒரு வயதாகும் முன்பே ஜெர்மனி போகிறோம், வேலை உறுதியாகிவிட்டது. பெண் என்றால் பூவிழி, பையன் என்றால் கவின் என்று வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட்டில் Poovizhi, Kavin என்று எழுதுவதாக எண்ணம். மனைவியின் தோழி, "அங்கே போய்க் கேலிக்கூத்தாகிவிடப் போகிறது, முதலில் விசாரியுங்கள்" என்று கிளப்பிவிட்டாள். எதை விசாரிப்பது, யாரிடம் விசாரிப்பது? இல்லை, இது வீண் பயமா?

ஆதன்:
வீண் பயம்தான். ஊரில் உள்ள மொழி எல்லாவற்றிலும் நல்ல பொருள் வருகிற பெயர் என்று உலகத்தில் ஒன்றுகூட இருக்காது. இங்கே வந்து வேலை பார்க்கும் ஐரோப்பியர் யாராவது தன் பெயர் தமிழில் எப்படி ஒலிக்கும் என்று விசாரித்துவிட்டா வருகிறார்? நமக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்? இரண்டும் அழகான தமிழ்ப் பெயர்கள். வைத்துவிட்டுப் போங்கள். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள், கற்றுக்கொள்வார்கள்.

சரவெடி:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? மொழிபெயர்ப்புப் பக்கத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள், ஜெர்மனில் ஏதாவது வந்தால் மாற்றுங்கள், வராவிட்டால் விடுங்கள். மேலும் ஜெர்மனியில் குழந்தைக்குத் தீங்கு வரும் பெயரைப் பதிவு அலுவலகமே மறுத்துவிடும். அவர்கள் ஏற்றுக்கொண்டால் பிரச்சினை இல்லை என்று அர்த்தம்.

எழுத்துக்கூட்டி:
நான் புதிதாகக் குடியேறி வருகிறவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறவள். ஒவ்வொரு வகுப்பின் முதல் நாளும் வருகைப்பதிவில் இந்தக் கூத்தைப் பார்க்கிறேன்.

சரவெடி சொன்ன இரண்டிலும் பாதி பாதி சரி. பதிவு அலுவலகம் மறுக்கலாம் என்பது உண்மை, ஆனால் அது அங்கே பிறந்து அங்கே பதிவாகும் குழந்தைக்கு. மழைக்கால அப்பாவின் குழந்தை பெயரோடும் பாஸ்போர்ட்டோடும் போய் இறங்குகிறது. பாஸ்போர்ட்டில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை அப்படியே நகல் எடுத்துக்கொள்வார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அங்கே தடுத்து நிறுத்துவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

மொழிபெயர்ப்புப் பக்கத்தில் Poovizhi என்று தட்டினால் ஒன்றும் வராது. அப்படி ஒரு ஜெர்மன் சொல் கிடையாது. ஆனால் பெயரை எவரும் அகராதியில் தேடிவிட்டுக் கூப்பிடுவதில்லை. எழுத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி வாசிக்கிறார்கள், அல்லது காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த சொல்லோடு ஒட்டவைக்கிறார்கள். கண் வழி ஒன்று, காது வழி ஒன்று. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

கண் வழியை முதலில் பார்ப்போம். ஜெர்மனில் oo என்றால் 'ஊ' அல்ல, 'ஓ'. z என்றால் 'ட்ஸ்'. மிருகக்காட்சிசாலையை அவர்களும் Zoo என்றுதான் எழுதுகிறார்கள், வாசிப்பது 'ட்ஸோ'. இந்த ஒரு சொல்லிலேயே இரண்டு விதியும் இருக்கிறது. இனி Poovizhi-யை அந்தக் கண்ணால் வாசியுங்கள். முதல் அசை 'போ'. ஜெர்மனில் Po என்றால் பின்பக்கம், அதாவது குண்டி. குழந்தைகளிடம் பேசும்போது பெற்றோரே சொல்கிற செல்லச் சொல், கெட்ட வார்த்தை அல்ல. ஆனால் பாலர் பள்ளியில் அதைவிடச் சிரிப்பான சொல் வேறு கிடையாது. அடுத்தது vizh. அது 'விட்ஸ்' என்று வரும். Witz என்றால் நகைச்சுவைத் துணுக்கு. ஆக, உங்கள் மகளின் பெயரை ஒரு ஜெர்மன்காரர் முதல்முறை எழுத்துக்கூட்டினால் 'போ-விட்ஸ்-ஹி'. குண்டி ஜோக்.

எல்லாரும் இப்படித்தான் வாசிப்பார்கள் என்று சொல்லவில்லை. வெளிநாட்டுப் பெயர் என்று தெரிந்தவுடன் சிலர் oo-வை ஆங்கில முறையில் 'ஊ' என்று சொல்லிப் பார்ப்பார்கள். zh-ஐக் கண்டு அப்படியே திகைத்து நிற்பவர்களும் உண்டு. ஆனால் ஆறு வயதுக் குழந்தை இப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகுகிறது. அது விதிப்படிதான் வாசிக்கும்.

காது வழியில் கதையே வேறு. நீங்கள் வாயால் 'பூவிழி' என்று சொன்னால் ஜெர்மன் காதில் எந்தக் கோளாறும் இல்லை. 'பூ' என்றால் அவர்களுக்கு 'அப்பாடா' என்று மூச்சு விடும் ஒலி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில்தான் அந்த ஒலி குழந்தைகளின் மலச் சொல். ஆக ஜெர்மனில் கண்ணுக்குச் சிக்கல், ஆங்கிலத்தில் காதுக்குச் சிக்கல். கண்ணுக்கான சிக்கலை எழுத்தை மாற்றித் தீர்க்கலாம். காதுக்கான சிக்கலை எழுத்து மாற்றித் தீர்க்க முடியாது.

அதனால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது: குழந்தை படிக்கப்போவது ஜெர்மன் பள்ளியிலா, ஆங்கிலவழிப் பள்ளியிலா?

மழைக்கால_அப்பா:
ஜெர்மன் பள்ளிதான். ஆங்கிலவழிக்கெல்லாம் வசதி இல்லை. ஐயோ, குண்டி ஜோக் என்று படித்ததிலிருந்து மனைவி என்னோடு பேசவில்லை. அது அவள் தேர்ந்தெடுத்த பெயர்.

ஆதன்:
அப்படியானால் தீர்வு என்ன, ழகரத்தையும் பூவையும் தூக்கிக் கடாசிவிட்டு 'புவிலி' என்று வைப்பதா? யாரோ ஒரு ஆறு வயதுப் பையன் சிரிப்பான் என்று பெயரையே கொத்துக்கறி போடச் சொல்கிறீர்களா? கேலி செய்கிற பிள்ளைக்குப் பெயர் ஒரு சாக்கு. பெயர் இல்லாவிட்டால் நிறம், கண்ணாடி, காது, ஏதாவது கிடைக்கும். பெயரைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினால் கேலி நின்றுவிடுமா?

எழுத்துக்கூட்டி:
நிற்காது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேலிக்காரனுக்குத் தேட வேண்டிய வேலையாவது மிஞ்சட்டும், முதல் நாளே கையில் எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். உண்மையில் எனக்குக் கேலியைவிடப் பெரிய கவலை வேறு. ஒவ்வொரு புதிய ஆசிரியரும், மருத்துவமனை வரவேற்பில் இருக்கிறவரும், பெயரை வாசிக்க வாயெடுத்துவிட்டு 'போ'வில் சட்டென்று நிறுத்துவார்கள். நாகரிகமானவர்கள்தான் நிறுத்துவார்கள். அந்தத் தயக்கத்தைக் குழந்தை கவனிக்கும். என் வகுப்பில் பெரியவர்களே கவனிக்கிறார்கள்.

பெயரை மாற்றச் சொல்லவே இல்லை, ஆதன். Puvizhi என்று எழுதினால் போதும். ஜெர்மனில் ஒற்றை u என்றால் 'உ' அல்லது 'ஊ'தான். 'போ' ஒழிந்தது. 'விட்ஸ்' மிச்சம் இருக்கும், ஆனால் தனியாக அது யாருக்கும் வலிக்காது. தமிழில் பூவிழி பூவிழியாகவே இருக்கும், ழகரமும் பத்திரம்.

தனிப்பெயர்:
பெயர்ச் சிக்கல் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். எனக்கு ஒற்றைப் பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு இடம் காலி. அமெரிக்க விசாவில் இருந்த ஒரே பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கிவிட்டு, முதற்பெயர் இடத்தில் FNU என்று அடித்துவிட்டார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாம். வங்கியிலிருந்து கடிதம் வந்தால் 'அன்புள்ள ஃபனு'. அலுவலகத்தில் ஒருவர் அது ஏதோ பழங்குடிப் பெயர் என்று நினைத்து, என்ன பொருள் என்று ஆவலாகக் கேட்டார். ஆகவே இரண்டு இடத்தையும் நிரப்புங்கள்.

சரவெடி:
தனிப்பெயர் ஐயா, கேள்வி அது இல்லை. பெயருக்கு அங்கே கெட்ட பொருள் வருமா என்பதுதான்.

எழுத்துக்கூட்டி:
இல்லை, அவர் சொன்னது இங்கே ஒட்டும். நம் குழந்தைகளுக்குக் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர்தான் போகிறது. அலுவலகங்களில் கூப்பிடுவது அந்தப் பெயரைத்தான். ஆகவே மழைக்கால அப்பா தன் பெயரையும் சோதிக்க வேண்டும். குழந்தையின் பெயரையே தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. பல நிறுவனங்களில் மின்னஞ்சல் முகவரியை முதற்பெயரின் முதல் எழுத்தையும் குடும்பப்பெயரையும் ஒட்டித் தானாகவே உருவாக்குவார்கள். சரவணன் மகன் ஹிதேஷ் என்றால் சிக்கல் இல்லை. ஹிதேஷ் மகன் சரவணன் என்றால் shitesh என்று முகவரி வரும். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

மழைக்கால_அப்பா:
என் பெயர் குமார். இதிலுமா ஏதாவது இருக்கிறது?

எழுத்துக்கூட்டி:
ஜெர்மனில் ஒன்றுமில்லை. துருக்கியில் kumar என்றால் சூதாட்டம். ஜெர்மன் பள்ளிகளில் துருக்கி வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர், அவர்களுக்குத் தெரியும்.

ஆதன்:
பார்த்தீர்களா! இதைத்தான் சொன்னேன். ஜெர்மன் முடிந்தது, இப்போது துருக்கி. அடுத்து அரபி, ரஷ்யன், போலிஷ். உலகம் முழுக்கக் குமார்கள் நிறைந்திருக்கிறார்கள், எவருக்காவது சூதாட்டத்தால் ஒரு கெடுதல் வந்ததா? ஃபின்னிஷில் kamala என்றால் 'பயங்கரமான, கொடூரமான' என்று பொருள். கமலா ஹாரிஸ் 2021-லிருந்து அமெரிக்கத் துணை அதிபராக இருந்தபோது ஃபின்லாந்தில் அந்தப் பெயரைச் செய்தியில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாலு நாள் சிரித்திருப்பார்கள், அப்புறம் பெயர் பெயராகிவிட்டது. பழகினால் எந்த ஒலியும் அந்த ஆளின் பெயர் மட்டும்தான்.

கே_போட்ட_சுகன்யா:
இத்தனை நேரம் வேடிக்கை பார்த்தேன், இனி முடியாது. ஆதன் சொல்வது பாதி என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது, பாதி இல்லை.

நான் போலந்தில் வேலை பார்க்கிறேன். போலிஷிலும் ரஷ்யனிலும் suka என்றால் பெண் நாய். பெண்களைத் திட்டும் கெட்ட வார்த்தையும் அதுதான். என் பாஸ்போர்ட்டில் Sukanya, கே போட்டு. போலிஷில் u என்றால் 'உ'தான், k என்றால் 'க்'தான், ஆகவே கண்ணுக்கும் காதுக்கும் ஒரே அடி. ஆனால் அலுவலகத்தில் ஒருவர்கூட ஒன்றும் சொன்னதில்லை. எல்லாரும் முதல் வாரத்திலேயே 'கன்யா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அது செல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்து, மொழி ஓரளவு வந்த பிறகு, பேருந்தில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டபோது அந்தச் சொல் காதில் விழுந்தது. அப்போதுதான் 'கன்யா' ஏன் என்று புரிந்தது.

மறுநாள் பக்கத்து இருக்கைத் தோழியிடம் கேட்டேன். முகம் சிவந்துபோய், "எனக்கு முதலில் sukienka-தான் ஞாபகம் வந்தது" என்றாள். அது கவுனுக்கான சொல். அவள் நல்லெண்ணத்தில் சொன்னாளா, உண்மையாகவே அதுதான் தோன்றியதா, இன்றுவரை தெரியாது.

எனக்குக் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் என் தங்கை Suganya. அதே தமிழ் எழுத்துக்கு என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் யாரோ k போட்டார், அவளுக்கு g போட்டார். அவள் இங்கே வந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. ககரத்துக்கு k, g இரண்டும் பொருந்தும்போது பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆதன்:
எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை, சுகன்யா. அது எப்படியும் நாம் ஒரு வழியாகத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். பெயரையே கைவிடச் சொல்வதுதான் பிடிக்கவில்லை. மொழிகளின் வரிசை எங்கே நிற்கும் என்ற கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

எழுத்துக்கூட்டி:
நியாயமான கேள்வி. என் கணக்கு இதுதான்: குழந்தை எந்த மொழியில் படிக்கப்போகிறதோ அந்த மொழியை முழுசாகச் சோதியுங்கள். பள்ளி மைதானத்தில் அதிகம் கேட்கிற ஒன்றிரண்டு குடியேறிகளின் மொழிகளில், கெட்ட வார்த்தை மட்டும் வருகிறதா என்று பாருங்கள். சூதாட்டம், பயங்கரம், மீன், எல்லை போன்ற சாதாரணச் சொற்களை விட்டுவிடுங்கள். குமாரை அந்தக் கணக்கில் நானே விட்டுவிடுவேன். அப்புறம் ஆங்கிலம், எங்கே போனாலும் அது கூட வரும்.

இன்னொரு அளவுகோல், இதுதான் எனக்கு முக்கியம்: அந்த மொழிக்காரர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் முதல் வாசிப்பிலேயே அந்தச் சொல்லில் போய் முட்டினால் மட்டும் கணக்கில் எடுங்கள். நீங்கள் விளக்கிச் சொன்ன பிறகு "ஆமாம், அப்படியும் தோன்றுகிறது" என்றால் அது செல்லாது. Puvizhi-யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனில் v பல சொற்களில் 'ஃப்'. அப்படி வாசித்தால் 'புஃப்' என்று ஆரம்பிக்கும், Puff என்பது விபசார விடுதிக்குக் கொச்சைச் சொல். இப்படித் தேடினால் எந்தப் பெயரும் தப்பாது. ஆனால் வெளிநாட்டுப் பெயரில் v-யைப் பெரும்பாலும் 'வ்' என்றுதான் வாசிப்பார்கள், அந்தச் சொல்லில் உகரம் குறில் வேறு. தானாக ஒருவரும் அங்கே போய்ச் சேரமாட்டார்.

சோதிப்பது எப்படி என்று கேட்டிருந்தாரே. "இந்தப் பெயர் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "அழகான பெயர், என்ன பொருள்?" என்றுதான் பதில் வரும், எல்லா நாட்டிலும். பதிலாக ஒரு தாளில் ஏழெட்டு இந்தியப் பெயர்களை எழுதுங்கள், உங்களுடையதை நடுவில் வையுங்கள். வகுப்பில் வருகை எடுப்பதுபோல வேகமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், திருத்தாதீர்கள். எங்கே நிற்கிறார், எங்கே உதடு கோணுகிறது என்று பாருங்கள். அப்புறம் தாளை மறைத்துவிட்டு, பெயரை நீங்கள் சொல்லுங்கள், காதில் விழுந்ததை அவர் எழுதட்டும். கண்ணும் காதும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். பள்ளி வயதுப் பிள்ளை உள்ள ஒருவராக இருந்தால் நல்லது, மைதானத்துச் சொற்கள் அவருக்குத்தான் தெரியும். உங்கள் மேலதிகாரியிடம் மட்டும் வேண்டாம்.

சரவெடி:
பெயருக்கு ஆலோசனை சொல்கிற நிறுவனங்களே அங்கே இருக்கிறதே, அவர்களிடம் கேட்டால்?

எழுத்துக்கூட்டி:
இருக்கிறது. வீஸ்பாடனில் ஜெர்மன் மொழிக் கழகம் பெயர்களுக்குச் சான்று தருகிறது, லைப்சிக் பல்கலைக்கழகத்திலும் அப்படி ஓர் ஆலோசனைப் பிரிவு உண்டு. இது ஒரு பெயர்தானா, ஆணுக்கா பெண்ணுக்கா என்று பதிவு அலுவலகம் சந்தேகப்படும்போது அவர்களுடைய சான்று உதவும். மைதானத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அது பதில் ஆகாது.

மழைக்கால_அப்பா:
நேற்று இணையவழியில் ஜெர்மன் சொல்லித்தரும் ஆசிரியரிடம் செய்து பார்த்தேன். பட்டியலைத் திரையில் வைத்தேன். அனிதா, ரவி எல்லாம் சரளமாக வந்தது. Poovizhi-யில் 'போ' என்றார், நின்றார், கண்ணாடியைச் சரிசெய்தார், 'போ... ஓ, மன்னிக்கவும், பூ?' என்று என்னையே கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். கடைசியில் 'போவிட்ஸி' என்று முடித்துவிட்டு வேகமாக அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இன்னொரு நாள் வேறொரு ஆசிரியையிடம் Puvizhi காட்டினேன். 'புவிட்ஸி' என்று நிறுத்தாமல் வாசித்துவிட்டார். இத்தாலியப் பெயர்போல இருக்கிறதே என்றார். மனைவி சமாதானமாகிவிட்டாள், தமிழில் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்பதால்.

ஆனால் காதுச் சோதனையில் ஒன்று நடந்தது. நான் 'கவின்' என்று சொன்னேன். இரண்டு பேரும் தனித்தனியாக Kevin என்று எழுதினார்கள். இது நல்லதுதானே? தெரிந்த பெயர்போல இருக்கிறது, எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

சரவெடி:
ஆமாம், பிரமாதம். கெவின் அங்கே சர்வசாதாரணப் பெயர். கவலையே இல்லை.

எழுத்துக்கூட்டி:
சாதாரணப் பெயர் என்பது சரி. அங்கேதான் வில்லங்கம். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கெவின் அலை அடித்தது. வசதியில்லாத வீடுகளில் அதிகம் வைக்கிற பெயர் என்று பிற்பாடு ஒரு முத்திரை விழுந்தது. Kevinismus என்று அதற்கு ஒரு கேலிச் சொல்லே உண்டாக்கிவிட்டார்கள். 2009-ல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் பெயர்களைக் கொடுத்து என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். கெவின் என்றால் அடங்காத பிள்ளை என்று பலருக்குத் தோன்றியிருக்கிறது. கெவின் என்பது பெயரல்ல, அது ஒரு நோயின் பெயர் என்ற பொருளில் ஓர் ஆசிரியர் எழுதிவைத்தது நாடு முழுக்கப் பரவிவிட்டது.

இது கெட்ட வார்த்தை அல்ல, எந்த அகராதியும் காட்டாது. ஆனால் கெட்ட வார்த்தையை நினைத்துச் சிரிப்பவன் சக மாணவன். இதை நினைப்பவர் ஆசிரியர். எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது. Kavin என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் 'கெவினைக்கூட எழுதத் தெரியாத பெற்றோர்' என்று நினைக்க இடம் உண்டு.

ஆதன்:
இதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். முதலாவது, அந்த ஆய்வு அவர்கள் ஊர் கெவினைப் பற்றியது. குமார் என்ற குடும்பப்பெயரோடு, நம் முகத்தோடு வந்து நிற்கும் பையனைப் பார்த்து எந்த ஆசிரியரும் கெவின் அலையை நினைக்கமாட்டார். அவர் என்ன நினைப்பாரோ நினைக்கட்டும், அது பெயரால் வருவது அல்ல. இரண்டாவது, அந்த அலையில் பிறந்த கெவின்கள் இப்போது முப்பது வயதைத் தாண்டி, அவர்களில் சிலரே ஆசிரியர்களாகவும் இருப்பார்கள். முத்திரை இன்னும் அதே சூட்டோடு இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

எழுத்துக்கூட்டி:
இரண்டாவது வாதம் பலமானது. பெயர்களின் வாசனை மாறிக்கொண்டே இருக்கும், அதை முன்கூட்டிச் சோதிக்க வழியே கிடையாது. Alexa என்று மகளுக்குப் பெயர் வைத்தவர்கள் வைத்தபோது அதில் ஒரு குறையும் இல்லை. 2014-ல் அந்தப் பெயரில் பேசும் கருவி வந்தது, குழந்தைகளுக்குக் கட்டளை போட்டுக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். எந்தச் சோதனையும் அதைக் காட்டியிருக்காது.

முதல் வாதத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. முகம் பார்த்த பிறகு நீங்கள் சொல்வது நடக்கலாம். முகம் பார்க்கும் முன் பட்டியலைப் பார்க்கிறார்கள்.

கே_போட்ட_சுகன்யா:
நான் ஒன்று கேட்கிறேன். போன பிறகு பிடிக்கவில்லை என்றால் அங்கேயே மாற்றிக்கொள்ள முடியாதா?

எழுத்துக்கூட்டி:
2025 ஏப்ரல் வரை, வெளிநாட்டுக் குடிமகனின் பெயரில் ஜெர்மன் அலுவலகம் கைவைக்காது, உங்கள் நாட்டுச் சட்டப்படி மாற்றிக்கொண்டு வா என்பார்கள். அதன்பிறகு சட்டம் மாறியிருக்கிறது, இப்போதைய நிலையை அங்கேயே விசாரிக்க வேண்டும். குடியுரிமை பெற்ற பிறகு ஒரு கதவு திறக்கும். முதற்பெயருக்கு ஜெர்மன் வடிவம் எடுத்துக்கொள்ளலாம், அப்படி வடிவமே இல்லாத பெயர் என்றால் புதுப் பெயரே வைத்துக்கொள்ளலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 2024 திருத்தத்துக்குப் பிறகும் குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதற்குள் குழந்தை பள்ளி வாசலுக்கு வந்துவிடும், தன் பெயரை எழுதவும் பழகியிருக்கும்.

மழைக்கால அப்பாவுக்கு இப்போது இருக்கிற வசதி பிறப்புச் சான்றிதழில் இன்னும் எழுத்து ஏறவில்லை என்பதுதான். Puvizhi என்றால் முதல் தாளிலிருந்தே Puvizhi. சான்றிதழில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றுமாக இருந்தால், ஒவ்வொரு அலுவலகத்திலும் இரண்டும் ஒரே குழந்தைதான் என்று நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும். 'போ' தேவலை என்று ஆகிவிடும்.

மழைக்கால_அப்பா:
பெண் என்றால் Puvizhi, முடிவாகிவிட்டது. கவினை மனைவியும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆதன் சொல்வதும் சரியாகப் படுகிறது, எழுத்துக்கூட்டி அம்மா சொல்வதும் உறுத்துகிறது. 'கவினன்' என்று நீட்டினால் கெவின் போய்விடுமா என்று மைத்துனன் கேட்கிறான்.

எழுத்துக்கூட்டி:
Kavinan என்று எழுதி, பட்டியலின் நடுவில் வைத்து, அதே ஆசிரியர்களிடம் வேண்டாம், வேறு இரண்டு பேரிடம் கேளுங்கள். வீட்டில் எப்படியும் 'கவின்' என்றுதான் கூப்பிடப்போகிறீர்கள், அதையும் காதுச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆதன்:
பையன் பிறந்தால் கவினாகவே வையுங்கள். ஆசிரியர் எவராவது கெவின் என்று கூப்பிட்டால் அவன் திருத்தட்டும்.

தனிப்பெயர்:
எதை வைத்தாலும் இரண்டு இடத்தையும் நிரப்ப மறக்காதீர்கள்.